பெரியவர் பாஸாக வேண்டும்

அக்கா என்னிடம் கேட்டது ஒரு மறுப்புக் கடிதம். மேலிடத்துக்குக் கோபம் வராத மாதிரி நாகரிகமாக எழுதித் தர வேண்டும். எனக்கு எழுத வரும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி லீவு லெட்டர்கள் எழுதிச் சம்பாதித்த பெயர் அது.

எதை மறுக்க வேண்டுமோ அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அங்கே புதிதாக டயாலிசிஸ் பிரிவு திறக்கிறார்கள். வேறு ஊரில் தங்கி ஆறு வாரம் பயிற்சி எடுத்து வந்தால் அந்தப் பிரிவின் பொறுப்பு அவளுக்கு. பதினெட்டு வருட சர்வீஸில் முதல் பதவி உயர்வு. கடிதத்தை ஆசையாகப் படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டேன். 'தங்களுக்கு வழங்கப்படும் மூன்றாவதும் இறுதியுமான வாய்ப்பு இது' என்று இருந்தது.

நான் வேலை பார்ப்பது வெளிநாட்டில். உடனே போன் போட்டேன். முதல் இரண்டு எங்கே போயின என்று கேட்டேன். போன வருடம் ஒன்று, அதற்கு முந்தின வருடம் ஒன்று, இரண்டையும் அவளே எழுதி மறுத்துவிட்டாளாம். இந்தத் தடவை காரணம் கிடைக்காமல்தான் என்னிடம் வந்திருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? உனக்கு பதினஞ்சு நாள் லீவு. அவங்க கேக்கிறது ஆறு வாரம். அப்பாவ யாரு பாத்துப்பா?"

அப்பா இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். வாக்கர் வைத்துத்தான் நடக்க வேண்டும். ஆனால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே அதை மறந்துவிட்டு விறுவிறுவென்று எழுந்து போவார். அக்கா டியூட்டிக்குப் போகும் நேரத்தில் மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மா வந்து உட்காருவார். ஆறு வாரம் ராப்பகலாக அவரை உட்காரச் சொல்ல முடியாது. சம்பளத்துக்கு வைத்த இரண்டு ஆட்களும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். எதிரில் யார் உட்கார்ந்தாலும் முதுகை நிமிர்த்து, கண்ணாடியைப் பார், அவசரப்படாதே என்று கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

"நான் இங்கேர்ந்து செய்யுற வேலைய அங்கேர்ந்தே செய்யலாம்க்கா. மேனேஜர கேக்கணும், அவ்ளோதான்."

"அப்ப ரெண்டு வருஷமா ஏன் கேக்கல?"

அக்கா என்னிடம் கேட்கவில்லை என்று கோபப்பட்ட நானும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதில்லை. கொடுக்க மாட்டார்கள் என்று நானாகவே முடிவுகட்டி, அந்த முடிவின்மேல் இரண்டு வருடம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறேன். என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. மறுப்புக் கடிதத்தை இப்போது அனுப்பாதே, அடுத்த வார வெள்ளிக்கிழமைவரை பொறு என்றேன். அவளும் வெள்ளிக்கிழமைக்குள்தான் பதில் தர வேண்டும். கையில் ஒன்பது நாள் இருந்தது.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்து கொடுக்கிறது. மருத்துவமனைகளிலிருந்து வரும் புகார்களைச் சரிசெய்வது என் வேலை. என் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பெரியவர். வயது முப்பத்தைந்துதான், என்னைவிட மூன்று வருடம் சின்னவர். பேசுவதற்கு முன் கோயில் தர்மகர்த்தா மாதிரி ஒரு செருமல் செருமுவார், அதனால் அப்படி. அலுவலகத்தில் நாங்கள் பேசுவது வேற்று மொழி. ஆனால் எனக்கு எல்லாமே தமிழில்தான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

மறுநாள் காலை அவர் காப்பி மெஷினிடம் போகும் வழியில் மறித்துக் கேட்டேன். ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் ஒத்திகை காற்றில் போய்விட்டது, அக்கா, அப்பா, வாக்கர், ஆறு வாரம் என்று கொட்டிவிட்டேன். அவர் செருமினார். எனக்கு ஆட்சேபணை இல்லை, விதி என்ன சொல்கிறதென்று எச்.ஆரில் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா இரண்டு வருடம் பயந்தேன்?

எச்.ஆரில் இருந்த பெண்ணுக்கு விதிகள் எல்லாம் மனப்பாடம். வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய வருடத்துக்கு இருபது வேலை நாள் வரை அனுமதி உண்டு. அதற்குமேல் போனால் வரி, காப்பீடு என்று கம்பெனிக்குச் சிக்கல் வரும். நான் இன்னும் எங்கள் நாட்டுக் குடிமகள் என்பதால் அங்கே உட்கார்ந்து வேலை செய்யத் தனி அனுமதி வேண்டாம். ஆறு வாரம் வெளியே இருந்தால் இங்கே என் விசாவுக்கு ஆபத்தில்லை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே மனு கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நோயாளிகளின் உண்மையான விவரங்களை நாட்டுக்கு வெளியே இருந்து திறக்கவே கூடாது. மருத்துவமனைகளோடு போட்ட ஒப்பந்தத்தில் அது இருக்கிறது.

இருபது நாள் என்றால் நான்கு வாரம். என் லீவில் மிச்சமிருந்த பத்து நாளைச் சேர்த்தால் ஆறு வாரம் சரியாக வந்தது. பயிற்சி தொடங்க இன்னும் ஏழு வாரம் இருந்ததால் அந்த ஒரு மாதக் கெடுவிலும் இடிக்கவில்லை. நிஜப் புகார்களை ஒரு சகா எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பதிலுக்கு, போலி விவரங்களை வைத்துப் புதுப் பதிப்பைச் சோதித்துப் பார்க்கும் அவருடைய வேலையை நான் செய்ய வேண்டும். அந்த வேலை அவருக்கு வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. நேரமும் தோதாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை ஒன்பது அங்கே மதியம் பன்னிரண்டரை. காலையெல்லாம் அப்பாவோடு இருக்கலாம், இரவு எட்டரைக்கு லேப்டாப்பை மூடிவிடலாம்.

மனுப் படிவத்தைத் திறந்தேன். மூன்று பக்கத்தை ஒரே மூச்சில் நிரப்பினேன். நாலாம் பக்கத்தில் என் வாழ்க்கை வந்து முட்டியது. 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து கம்பெனியின் கணினிகளை அணுகியது உண்டா? விவரம் எழுதுக.'

உண்டு. பத்து மாதத்துக்கு முன் எட்டு நாள் லீவில் ஊருக்குப் போனபோது லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். யாரும் எடுத்துப் போகச் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனால் ஒரு கையை விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். நாலாம் நாள் பெரியவர் போன் செய்தார். ஒரு மருத்துவமனையில் ஒரே நேரத்துக்கு இரண்டு இரண்டு பேருக்கு அப்பாயின்ட்மென்ட் போயிருக்கிறது, ரெண்டு நிமிஷ வேலை, கொஞ்சம் பாருங்களேன் என்றார். பார்த்தேன், இருபது நிமிடத்தில் சரியானது. அடுத்த பத்தாவது நிமிடம் தகவல் பாதுகாப்புப் பிரிவு என் கணக்கைப் பூட்டியது. யார் சொல்லித் திறந்தாய் என்று கேட்டார்கள். பெரியவர் மேனேஜராகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பாவம் என்று நினைத்து, தவறுதலாக நானே திறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மறுக்கவில்லை. நான் திரும்பி வந்ததும் எல்லாரையும் எனக்காகக் கைதட்ட வைத்தார்.

எச்.ஆர் பெண்ணிடம் யாரோ ஒருத்தருக்காகக் கேட்பது போலக் கேட்டேன். தானாகத் திறந்தவர்களுக்கு ஒரு வருடம் அனுமதி கிடையாது, மேலதிகாரி சொல்லித் திறந்திருந்தால் பொறுப்பு மேலதிகாரியுடையது என்றாள். யாரோ ஒருத்தர் யார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

இரவெல்லாம் யோசிக்க எனக்குப் பொறுமை கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். யார் போன் செய்தார், எந்தத் தேதி, பிறகு நான் என்ன பொய் எழுதிக் கொடுத்தேன் என்று எல்லாவற்றையும். மேனேஜர் கையெழுத்து இல்லாமல் மனு நகராது. அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பெரியவரின் மேசையில் வைத்தேன்.

அவர் நாலாம் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். இந்தத் தடவை செருமல்கூட வரவில்லை. அவருக்கு அந்த மாதம்தான் வருடாந்திர மதிப்பீடு. எனக்கும் அது தெரியும். பழைய பதிவில் இருக்கிற மாதிரியே எழுதிவிட்டால் குழப்பம் இல்லையே என்று மெல்லக் கேட்டார். அப்படி எழுதினால் எனக்கு அனுமதி இல்லை என்றேன். ரெண்டு மாதம் தள்ளிப் போக முடியாதா என்றார். பயிற்சி எனக்காகத் தள்ளிப் போகாது என்றேன்.

என் குரல் ஏறிக்கொண்டிருந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"அன்னிக்கு உங்களைக் காப்பாத்தினேன் சார். இன்னிக்கு எங்க அக்காவைக் காப்பாத்தணும். ரெண்டையும் சேர்த்துச் செய்ய எனக்குத் தெரியல."

சாயங்காலம்வரை நேரம் கேட்டார். நான் என் இடத்துக்கு வந்து, ஒரு புகாரை மூன்று தடவை படித்து மூன்று தடவையும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். மனுஷன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், எப்படியும் நழுவிவிடுவார் என்றே நினைத்தேன். மனதுக்குள் அவரைத் திட்டியதில் பாதியை இங்கே எழுத முடியாது. நாலரைக்குத் தகவல் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து இருவரும் வரவும் என்று செய்தி வந்தது.

அந்த அதிகாரி ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். அவர் எதிரில் பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மனுவில் அவருடைய கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே, நான்தான் கூப்பிட்டுச் செய்யச் சொன்னேன், அவர் மறைத்தபோது பேசாமல் இருந்ததும் நான்தான் என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். மத்தியானம் முழுக்க நான் அவரைத் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது.

அதிகாரி எங்களைப் பார்த்துக் கத்தவில்லை. ஒருத்தர் வாயால் பொய் சொன்னீர்கள், ஒருத்தர் வாயைத் திறக்காமல் பொய் சொன்னீர்கள் என்றார். பெரியவரின் கோப்பில் ஒரு எச்சரிக்கை ஏறும். இருவரும் தகவல் பாதுகாப்புப் பாடத்தை மறுபடி படித்துப் பரீட்சை எழுத வேண்டும். இருபது கேள்வி, பதினாறு சரியாக வேண்டும். அதில் நட்சத்திரம் போட்ட கேள்விகள் சில உண்டு, அவற்றில் ஒன்று தப்பானாலும் ஃபெயில். மூன்று தடவைதான் எழுதலாம். இருவரும் பாஸான அன்று மனுவில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

"ரெண்டு பேருமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும்" என்றார்.

நான் மறுநாளே எழுதினேன். பதினெட்டு. பெரியவர் எழுதினார். பதினொன்று. இரண்டாவது தடவை பதினேழு எடுத்தார், ஆனால் நட்சத்திரக் கேள்வி ஒன்று தப்பு, ஃபெயில். அன்று செவ்வாய்க்கிழமை. அக்கா பதில் தர இன்னும் மூன்று நாள்.

என் அக்காவின் பதவி உயர்வு என் மேனேஜரின் பரீட்சையில் வந்து தொங்குகிறது என்பதை அவளிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் அப்பா உள்ளே இருந்து என்னவென்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் போனை வாங்கிக்கொண்டார். லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை ஃபெயிலானவர்களை எல்லாம் நான் ஓட்ட வைத்திருக்கிறேன், எந்தக் கேள்வியில் தப்பு விடுகிறார் என்று முதலில் பார் என்றார். யோசனை உருப்படியாக இருந்தது.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் பெரியவரை ஒரு மூலையில் உட்கார வைத்தேன். தப்பான கேள்விகளை ஒன்றொன்றாகக் கேட்டேன். ஏழாவது கேள்வியில் அகப்பட்டார். லீவில் இருக்கும் ஊழியருக்கு மட்டுமே தெரிந்த ஓர் அவசரச் சிக்கல் வருகிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டு தடவையும் அவர் தேர்ந்தெடுத்திருந்தது, 'அவரைப் போனில் அழைத்துச் சுருக்கமாகக் கேட்பேன்.'

"சுருக்கமாத்தானே கேக்கிறேன்" என்றார். மனிதருக்கு நிஜமாகவே புரியவில்லை. பணியில் இருப்பவரிடம் ஒப்படைத்து, பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் சரியான விடை. பணியில் இருப்பவருக்கு அது தெரியாதே என்று வாதாடினார். தெரியாதென்றால் அது அவர் லீவில் போகும் முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டியது என்றேன். அப்படி யாரிடமும் எழுதி வாங்கியதில்லை என்று ஒத்துக்கொண்டார். தன்னிடமும் யாரும் வாங்கியதில்லையாம். மேனேஜராக ஆனதிலிருந்து அவர் ஒரு லீவிலும் போன் எடுக்காமல் இருந்ததில்லையாம். மகளின் பள்ளிக்கூட நாடகத்தில் அவள் மேடையேறிய நேரத்தில் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாராம். எனக்கு ஐயோ என்று இருந்தது.

"சார், லீவுல போனவ நிலாவுக்குப் போயிட்டான்னு நினைச்சுக்கோங்க. அங்க சிக்னல் கிடையாது."

அவர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நிலா, சிக்னல் இல்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கண்ணாடி அறைக்குள் போய் எழுத உட்கார்ந்தார். நான் வெளியே தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன், ஊற்றினேன், மறுபடி பிடித்தேன். புகார்களை எடுத்துக்கொள்ளும் சகாவும் எச்.ஆர் பெண்ணும்கூட ஏதோ வேலையாக வந்த மாதிரி அந்தப் பக்கம் நின்றார்கள். நாற்பது நிமிடம் கழித்து அவர் வெளியே வந்து, பெரிதாக ஒரு செருமல் செருமி, பத்தொன்பது என்றார். சகா கைதட்டினார். நான் அழுதுவிட்டேன், அதை ஒளிக்கவும் இல்லை. பாதுகாப்பு அதிகாரி பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டார். சோதனைக் கணினிகளை மட்டும் திறக்கக்கூடிய லேப்டாப் ஒன்றை எனக்குத் தரச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை அக்கா சம்மதக் கடிதம் கொடுத்தாள். அதை நான் எழுதவில்லை, அவளே எழுதினாள், இரண்டே வரி.

ஊருக்குப் போனதும் அக்காவோடு எனக்குக் கிடைத்தது ஒரு பகலும் ஓர் இரவும்தான். அந்தப் பகல் முழுக்க மாத்திரை டப்பா, பிசியோதெரபி நேரம், டாக்டர் நம்பர் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். மறுநாள் விடியற்காலையில் பஸ் ஏறிவிட்டாள்.

அதன் பிறகு நாட்கள் ஓடின. காலையில் அப்பாவோடு வாசல்வரை பத்து நடை, பிறகு பேப்பர், சாப்பாடு. பன்னிரண்டரைக்கு நான் லேப்டாப் முன்னால். வீடியோ கூட்டத்தில் என் முதுகு வளைந்தால் பின்னாலிருந்து நிமிர்ந்து உட்கார் என்று குரல் வரும். இரண்டாம் வாரம் பெரியவர் உட்பட கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் குரலுக்கு நிமிர்ந்தார்கள், அதன் அர்த்தம் தெரியாமலே. இருபது நாள் முடிந்து என் லீவு தொடங்கியதும் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. முதல் இரண்டு நாள் அது எனக்கே கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஐந்தாம் வாரக் கடைசியில் அக்கா போன் செய்தாள். மாத்திரை கேட்டாள், சொன்னேன். வாக்கரின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று கேட்டாள், மாற்றிவிட்டேன் என்றேன். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

முப்பத்தெட்டு வருடத்தில் இந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பயிற்சியில் முதலில் வந்த மூன்று பேரை மட்டும் இன்னும் ஐந்து நாள் பெரிய மருத்துவமனையில் மெஷின்களைத் தனியாகக் கையாள வைக்கிறார்களாம். அந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

"இருந்துட்டு வாக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் லீவு தீர்ந்துபோகிறது என்பது நினைவுக்கு வந்தது. இருபது நாளுக்குமேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது. பெரியவருக்கு எழுதினேன், ஐந்து நாள் சம்பளமில்லாத லீவு வேண்டும், காரணம் அக்கா முதல் மூன்றில் வந்துவிட்டாள். ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், எச்.ஆருக்கு நான் சொல்லிவிடுகிறேன், அக்காவுக்கு வாழ்த்து என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. டிக்கெட்டை மாற்றினேன்.

அக்காவிடம் சொன்னேன். கேட்டால் நான் கோபித்துக்கொள்வேன் என்று இரண்டு நாளாகத் தயங்கினாளாம். கோபம் வரத்தான் செய்தது, அந்த இரண்டு நாளுக்காக.

"இன்னும் என்னல்லாம் கேக்காம வெச்சிருக்க? இப்பவே கேட்டுரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். எனக்குப் பேனாவை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது.

"நான் இல்லாதப்ப இத்தன வாரம் வந்து இருக்க" என்றாள். "நான் வீட்ல இருக்கும்போதும் ஒரு தடவ வாயேன்."

அடுத்த வருடத்துக்கு எனக்கு இன்னொரு இருபது நாள் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதும் மனுவை இந்தத் தடவை ஆறு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.